ஆச்சியின் 38 நிமிடப் பேச்சைக் கணினி எழுதிய கதை: புதிய எபிசோடும் உங்கள் கேள்விகளும்

“ஒரு நாளில் பச்சரிசிக்கு ஒரு ஆளுக்கு ஜவ்வரிசி போடணும்.”

என் ஆச்சி இப்படிச் சொல்லவே இல்லை. அவள் சொன்னதைக் கேட்ட கணினி இப்படி எழுதியது. அவள் உண்மையில் என்ன சொன்னாள், கணினிக்கு ஏன் அது கேட்கவில்லை, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் எங்கள் பாட்காஸ்டின் அடுத்த எபிசோட். அன்றாட வாழ்க்கையில் செயற்கை நுண்ணறிவு என்ற வரிசையில், இம்முறை வீட்டுப் பெரியவர்களின் குரல் பதிவை எழுத்தாக்கும் வேலையை எடுத்துக்கொண்டோம். வரும் ஞாயிறு காலை வெளிவருகிறது. முன்னோட்டத்தைக் கேட்டுவிட்டுப் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

எபிசோடில் என்னதான் இருக்கிறது?

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆச்சி கூழ் வத்தல் போடும் முறையைச் சொல்கிறாள். நடுவில் தன் கல்யாணக் கதை, ஒரு பஞ்ச காலத்துக் கதை, பக்கத்து வீட்டாரோடு வந்த ஒரு மனத்தாங்கல் எல்லாம் வந்து போகின்றன. மொத்தம் 38 நிமிடம், போனிலேயே பதிவு செய்தது. அந்தப் பதிவை விஸ்பர் என்ற மாடலிடம் கொடுத்து எழுத்தாக்கினோம். பிறகு நானும் என் சித்தியும் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டுத் திருத்தினோம். எபிசோடில் ஆச்சியின் குரலும், கணினி எழுதியதும், சித்தியின் திருத்தமும் அடுத்தடுத்து வரும்.

அக்கா, விஸ்பர்னா என்ன? காசு கட்டணுமா?

பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றும் ஒரு மாடல். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. மாடலையே யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைச் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்படி கெர்கானோவ் என்ற பல்கேரிய நிரலாளர் `whisper.cpp` என்ற பெயரில் சி++ மொழியில் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் பயன்படுத்தியது அதைத்தான். கணக்குத் தொடங்க வேண்டாம், சந்தா கிடையாது. இறக்கி முடித்த பிறகு இணையமே தேவையில்லை.

ஆச்சி பேச்சை எங்கேயோ இருக்கிற சர்வருக்கு அனுப்பினீங்களா?

அனுப்பவில்லை. இந்த முறையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே அதுதான். அந்தப் பதிவில் உயிரோடு இருக்கிற உறவினர்களின் பெயர்கள் வருகின்றன, ஒரு சொத்துத் தகராறும் வருகிறது. வைஃபையை அணைத்துவிட்டுத்தான் ஓட்டினோம். எபிசோடில் வரும் பகுதிகளை முதலில் ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுக் கதையை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டோம்.

வீட்டில் செய்து பார்க்க என்னென்ன வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். `whisper.cpp`-ஐ இறக்கி நிறுவிய பிறகு ஒரு மாடல் கோப்பு வேண்டும். அளவு வாரியாகச் சில மாடல்கள் உண்டு. `small` சுமார் 466 எம்பி, `medium` சுமார் 1.5 ஜிபி, `large-v3` சுமார் 2.9 ஜிபி. பெயர் `.en` என்று முடியும் கோப்புகளை இறக்கிவிடாதீர்கள், அவற்றுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். `medium`-ஐ இறக்கும் கட்டளை இது:

```
sh ./models/download-ggml-model.sh medium
```

போன் பதிவு பெரும்பாலும் `.m4a` கோப்பாக இருக்கும். மாடல் கேட்பது நொடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத் தட ஒலி. அதை ffmpeg என்ற நிரலைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம்:

```
ffmpeg -i aachi.m4a -ar 16000 -ac 1 aachi.wav
```

அப்புறம் எழுத்தாக்கம்:

```
./build/bin/whisper-cli -m models/ggml-medium.bin -l ta -mc 0 -osrt -f aachi.wav
```

இதில் `-l ta` முக்கியம். அதை விட்டால் இந்த நிரல் பேச்சை ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது தமிழ்ப் பேச்சுக்கு அரைகுறை ஆங்கில வாக்கியங்கள் வரும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் வந்தது, மாடலுக்குத் தமிழே தெரியாது போல என்று நினைத்துவிட்டேன். `-osrt` என்பது சினிமா சப்டைட்டில் போல நேரக் குறிப்போடு கோப்பைத் தரும். `-mc 0` பற்றிக் கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எழுதப்பட்ட கோப்பை நோட்பேடில் திறந்தால் சரியாக இருக்கும்.

எங்கள் பழைய லேப்டாப்பில் `small` கிட்டத்தட்டப் பதிவின் நீளத்துக்கே நேரம் எடுத்துக்கொண்டது. `medium` ஓட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிட்டோம்.

ஆச்சி உண்மையில் என்ன சொன்னாங்க?

“ஒரு நாழி பச்சரிசிக்கு ஒரு ஆழாக்கு ஜவ்வரிசி போடணும்.”

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்வார்கள். ஆச்சி வாயில் நாழி ‘நாளி’ ஆகிறது, ஆழாக்கு ‘ஆளாக்கு’ ஆகிறது. கேட்கும் மாடலுக்கு இந்தப் பழைய அளவைச் சொற்களோடு பழக்கமில்லை. ஆகவே அந்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிற, தனக்குப் பழகிய சொற்களைப் போட்டுக்கொண்டது. நாளி ‘நாளில்’ ஆயிற்று, ஆளாக்கு ‘ஆளுக்கு’ ஆயிற்று.

நான் முதலில் வாசித்தபோது இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். சமையல் குறிப்பில் ‘ஆளுக்கு’ என்ற சொல் வருவது இயல்புதானே. கிறுக்கலாகவோ அர்த்தமே இல்லாமலோ வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். சித்திதான் நிறுத்தினாள். “வத்தலுக்கு யாராவது ஆளுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போடுவாங்களாட்டி? அதைத் திரும்பப் போடு” என்றாள். திரும்பப் போட்டோம். மூன்றாவது முறை கேட்டபோது ‘ஆளாக்கு’ என்பது தெளிவாக விழுந்தது.

ஒரு நாழிக்கு 8 ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி. ஆக ஆச்சியின் கணக்கு 8 பங்கு பச்சரிசிக்கு 1 பங்கு ஜவ்வரிசி. இது தெரிந்தால் நாழி இல்லாத வீட்டிலும் எந்தக் கிண்ணத்தை வைத்தும் அளந்துவிடலாம். கணினி எழுதியதை வைத்தால் எதையும் அளக்க முடியாது. இத்தனை வருஷமாக அவளிடமிருந்து எழுதி வாங்க நினைத்தது இந்த ஒரு கணக்கைத்தான். எழுத்தில் தொலைந்ததும் அதுவேதான்.

தமிழுக்கு எத்தனை சதவீதம் சரியாக எழுதும்? ஒரு எண் சொல்லுங்களேன்.

இந்தத் துறையில் சொற்பிழை விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. சரியான வாக்கியத்தோடு ஒப்பிட்டு, மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் எல்லாவற்றையும் எண்ணி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். நாழி வாக்கியத்தில் 7 சொற்கள், 2 பிழை. 29 சதவீதம்.

அதே பதிவில் இன்னொரு வாக்கியம்: “கூழைக் கிண்டிக்கிட்டே இருக்கணும்.” கணினி எழுதியது: “கூழை கிண்டி கிட்டே இருக்கணும்.” இங்கே பேசிய சொற்கள் 3. ஒற்று போன ‘கூழை’ ஒரு பிழை, ‘கிண்டி’ ஒரு பிழை, பிரிந்து தனியாக நின்ற ‘கிட்டே’ கூடுதல் சொல்லாக ஒரு பிழை. ஆக 3-க்கு 3, அதாவது 100 சதவீதப் பிழை! ஆனால் அதை வாசித்துக் கூழ் கிண்டும் ஒருவருக்கு ஒரு குறையும் வராது.

29 சதவீதப் பிழை உள்ள வாக்கியம் குறிப்பையே கெடுத்துவிட்டது, 100 சதவீதப் பிழை உள்ளது எதையும் கெடுக்கவில்லை. தமிழில் சொற்கள் ஒட்டிச் சேர்வதால் இந்தக் கணக்கு எப்போதும் இப்படி ஏறுமாறாகத்தான் வரும். அதனால் உங்களுக்கு ஒரு எண்ணைச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டுப் பதிவில் இரண்டு நிமிடத்தை எடுத்து நீங்களே கையால் எழுதி ஒப்பிடுங்கள். எண்ணும்போது அளவு, ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு ஆகியவற்றில் வந்த பிழைகளைத் தனியாக எண்ணுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.

ஆங்கிலத்தில் அவ்வளவு நன்றாக எழுதுகிறதே, தமிழில் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

பெரிய காரணம் பயிற்சி. முதலில் வந்த விஸ்பருக்கு 6,80,000 மணி நேர ஒலியும் அதற்கான எழுத்தும் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் 4,38,000 மணி நேரம் ஆங்கிலம். ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளை அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கியது எல்லாம் சேர்த்து 1,17,000 மணி நேரம். தமிழுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். இவை இணையத்தில் எழுத்தோடு சேர்ந்து கிடைத்த ஒலிகள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஆச்சிகளின் குரல் அப்படி எழுத்தோடு சேர்ந்து கிடைப்பது அரிது.

இதன் இன்னொரு விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. ஆச்சி ‘சொல்லுதேன்’, ‘போடுதேன்’ என்பாள். எழுத்தில் பல இடங்களில் ‘சொல்றேன்’, ‘போடுறேன்’ என்று வந்திருந்தது. பொருள் மாறவில்லை, ஆனால் எங்கள் ஊர் போய்விட்டது. ஒரு மனுஷியின் பேச்சைப் பாதுகாக்கத்தான் இந்த வேலையில் இறங்கினோம் என்பதால், அந்த வினைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றினோம். அரை நாள் பிடித்தது. குறிப்பு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு அது தேவைப்படாது.

நான் முயன்றபோது ஒரே வரி நாற்பது தடவை திரும்பத் திரும்ப வந்தது. பதிவு கெட்டுவிட்டதா?

பதிவு நன்றாகத்தான் இருக்கும். மாடல் ஒலியை 30 நொடித் துண்டுகளாகக் கேட்கிறது. ஒரு துண்டை எழுதும்போது முந்தைய துண்டில் தான் எழுதியதையும் பார்த்துக்கொள்கிறது. தொடர்ச்சிக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு முறை வழி தவறினால், தன் தப்பையே பார்த்து மறுபடி அதையே எழுதும், அதைப் பார்த்து இன்னொரு முறை எழுதும். முந்தையதைப் பார்க்காதே என்று சொல்வதுதான் `-mc 0`. எங்களுக்கு அதைச் சேர்த்ததும் சுழல் கிட்டத்தட்ட நின்றுபோனது.

அமைதியான இடங்களில் வேறு ஒரு தொல்லை உண்டு. ஆச்சி எழுந்து தண்ணீர் குடிக்கப் போன 50 நொடியில் வெறும் மின்விசிறிச் சத்தம்தான் இருந்தது. அங்கே மாடல் ‘நன்றி, வணக்கம்’ என்று எழுதியிருந்தது. இணையத்துச் சப்டைட்டில்களில் பழகியதால், ஒன்றும் கேட்காத இடத்தில் வீடியோ முடிவில் வருவதைப் போல எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் இதற்கு உண்டு. யாரும் பேசாத நீண்ட இடைவெளிகளை முதலிலேயே வெட்டிவிட்டால் இது வராது.

சில இடங்களில் வாக்கியத்தின் கடைசிப் பகுதியே காணாமல் போகிறதே?

வேகமாகப் பேசும் இடங்களில் நடக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு 30 நொடித் துண்டுக்கும் இவ்வளவுதான் எழுதலாம் என்று மாடலுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது சொற்களாக எழுதுவதில்லை, சிறுசிறு துணுக்குகளாக எழுதுகிறது. ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல்லே பல சமயம் ஒரு துணுக்கில் அடங்கிவிடும். தமிழ்ச் சொல் ஒன்றுக்குப் பல துணுக்குகள் வேண்டும். அதனால்தான் தமிழ் எழுத நேரமும் அதிகம் ஆகிறது, வேகப் பேச்சில் இடமும் தீர்ந்துபோகிறது. பஞ்சக் கதையை ஆச்சி மூச்சுவிடாமல் சொன்ன இடத்தில் எங்களுக்கு இப்படித்தான் இரண்டு வரி விழுந்துவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் 15 நொடித் துண்டுகளாக, அவள் மூச்சுவிடும் இடம் பார்த்து வெட்டிக் கொடுத்தோம். முழுசாக வந்தது.

‘ஆழாக்கு’ போன்ற சொற்களை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க முடியாதா?

முடியும், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. `--prompt` என்று கொடுத்து, வரப்போகும் சொற்களை எழுதிவைக்கலாம். அவற்றைப் பார்த்துவிட்டு மாடல் அந்தப் பக்கம் சாய்ந்து கேட்கும். ஆனால் சாதாரணமாக அது பதிவின் தொடக்கத்தில்தான் பலன் தரும், 38 நிமிடத்துக்கும் நீளாது. அதோடு `-mc 0` போட்டிருந்தால் இந்தக் குறிப்பையும் சேர்த்தே மாடல் பார்க்காது! இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்க இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஏன் மாற்றமே இல்லை என்று குழம்பினேன்.

நாங்கள் செய்தது, சந்தேகம் வந்த இடத்தை மட்டும் சின்னத் துண்டாக வெட்டித் தனியாகக் கொடுத்தது:

```
ffmpeg -ss 00:12:40 -t 25 -i aachi.wav nazhi.wav
./build/bin/whisper-cli -m models/ggml-medium.bin -l ta --prompt "நாழி, உழக்கு, ஆழாக்கு, ஜவ்வரிசி, கூழ் வத்தல்" -f nazhi.wav
```

இம்முறை ‘ஆழாக்கு’ சரியாக வந்தது. ‘நாழி’ அப்போதும் ‘நாளி’தான். அதைக் கையால் திருத்தினோம். ஓர் எச்சரிக்கை: பதிவில் இல்லாத சொற்களைப் பட்டியலில் போடாதீர்கள். உழக்கு என்று யாரும் சொல்லாத இடத்தில்கூட உழக்கு முளைக்கும். எங்கள் பட்டியலைப் போட்டபோதும் ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்டு உறுதி செய்த பிறகுதான் எழுத்தில் விட்டோம்.

எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டும் என்றால், நானே கேட்டு எழுதிவிடலாமே?

10 நிமிடப் பதிவு என்றால் அதையே செய்யுங்கள், நானும் அப்படித்தான் செய்வேன். 38 நிமிடத்தில் கணினி எங்களுக்குச் செய்த பெரிய உதவி நேரக் குறிப்புதான். கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
148
00:12:47,000 --> 00:12:52,000
ஒரு நாளில் பச்சரிசிக்கு ஒரு ஆளுக்கு ஜவ்வரிசி போடணும்
```

சொற்கள் தப்பாக இருந்தாலும் 12-வது நிமிடம் 47-வது நொடியில் ஜவ்வரிசியைப் பற்றிப் பேச்சு வருகிறது என்பது சரி. அரிசி, பச்சரிசி, ஜவ்வரிசி மூன்றுக்கும் பொதுவான ‘ரிசி’ என்று தேடினால் அரிசி பற்றிப் பேசிய பெரும்பாலான இடங்களுக்கும் நேராகப் போய்விடலாம். கல்யாணக் கதை எங்கே தொடங்குகிறது, வத்தலுக்கு எப்போது திரும்பி வருகிறாள் என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிறகு எந்தப் பகுதியை அக்கறையோடு திருத்துவது, எதை அப்படியே விடுவது என்று முடிவு செய்யலாம். நாங்கள் குறிப்பையும் பஞ்சக் கதையையும் சொல் சொல்லாகத் திருத்தினோம். மற்றதற்கு நேரக் குறிப்பு போதும் என்று விட்டுவிட்டோம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து வந்துவிட்டது என்று ஒலிக் கோப்பை அழித்துவிடாதீர்கள். சித்தி திரும்பப் போடச் சொன்னபோது போட்டுக் கேட்க எங்களிடம் குரல் இருந்தது.

எனக்கு லேப்டாப் கிடையாது. போனில் ஏதாவது வழி?

ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017 முதலே இருக்கிறது. ஒரு போனில் பதிவை ஓடவிட்டு, இன்னொரு போனை அருகில் வைத்து எழுதவிடலாம். நேரக் குறிப்பு வராது, நடுவில் அடிக்கடி நின்றுபோகும், தெளிவும் குறையும். நாங்கள் பார்த்ததில் இதைவிட ஒரு வழி நன்றாக இருந்தது: காதில் ஹெட்போன் மாட்டி ஒரு வாக்கியம் கேட்டு, நிறுத்தி, அதை நீங்களே நிதானமாகப் போனிடம் திருப்பிச் சொல்வது. உங்கள் குரல் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் பிழை குறைகிறது. சொந்தத் தகவல்கள் உள்ள பதிவு என்றால், உங்கள் போனில் அந்தக் குரல் இணையம் வழியாகப் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். இணையத்தை அணைத்துவிட்டுத் தட்டச்சு ஓடுகிறதா என்று சோதித்தாலே தெரிந்துவிடும்.

இனிமேல் பதிவு செய்யப் போகிறேன். ஒலியில் எதைக் கவனிக்கணும்?

போனை மேசையில் வைக்காமல் அவர்கள் மடியிலோ தோளருகிலோ வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குறுக்கே பேசாதீர்கள். எங்கள் பதிவில் நான் ‘ம்ம், அப்புறம்’ என்று அவள் பேச்சின் மேலேயே பேசிய இடங்களில்தான் எழுத்து மிக மோசமாக இருக்கிறது. அளவு ஏதாவது வந்தால், அவர்கள் சொல்லி முடித்த பிறகு “ஆழாக்குன்னா எவ்வளவு ஆச்சி?” என்று கேட்டுவிடுங்கள். அவள் கையால் காட்டுவாள், அதை நீங்கள் வாயால் சொல்லிப் பதிவில் ஏற்றலாம். நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. போன வாரம் மறுபடி போய், அடுக்களைப் பரணிலிருந்து அந்தப் பித்தளை ஆழாக்கையே இறக்கச் சொல்லி, நிறையத் தண்ணீர் பிடித்து நாழியில் ஊற்றினோம். எட்டாவது முறை ஊற்றியபோது நாழி விளிம்பு தட்டியது. அந்தச் சத்தத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை எபிசோட் தொடங்குகிறது.